அங்க அடையாளங்கள்

பள்ளியை விட்டு வரும்போது கொடுக்கும் மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளங்கள் என்று ஓர் இடம் இருக்கும். எதிரே இரண்டு வரிகள். இடது கன்னத்தில் ஒரு மச்சம். வலது முழங்காலில் ஒரு தழும்பு. எங்கள் வகுப்பாசிரியர் ஒவ்வொருவராக மேசைக்குக் கூப்பிட்டு, கையைத் திருப்பிப் பார்த்து, சட்டைக் காலரை விலக்கிப் பார்த்து எழுதிக்கொண்டார். எங்களுக்குப் பதினைந்து பதினாறு வயது. வகுப்பில் பரு இல்லாத முகமே கிடையாது. ஆனால் ஒருவருக்குக்கூட அவர் பருவை அடையாளமாக எழுதவில்லை. நாற்பது வருடம் கழித்து அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டினாலும் இவன்தான் அவன் என்று சொல்ல உதவுவதை மட்டும் அவர் தேடினார்.

ஸ்டூடியோவில் முகம் திருத்தும் வேலைக்கு வந்த பிறகு, எதை எடுப்பது, எதைத் தொடாமல் விடுவது என்று தயங்கும்போதெல்லாம் என் மனம் அந்த மேசைக்குத்தான் போகிறது. சான்றிதழில் ஏறக்கூடியது அந்த ஆளுக்குச் சொந்தம். ஏறாதது படம் எடுத்த நாளுக்குச் சொந்தம். நாளுக்குச் சொந்தமானதை நானே எடுத்துவிடுவேன். ஆளுக்குச் சொந்தமானதைக் கேட்காமல் தொடமாட்டேன். திருத்தும் வேலையில் இருப்பவர்கள் பலரும் வேறு வேறு சொற்களில் இதையேதான் கடைப்பிடிக்கிறார்கள். இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடுமா என்று கேட்டுக்கொள்வார்கள்.

எடுப்பது என்று முடிவான பிறகு வரும் கேள்விதான் என்னை முப்பது வருடமாகப் பிடித்து வைத்திருக்கிறது. பரு இருந்த இடத்தில் என்ன வைப்பது? ஒரு கல்யாணப் பெண்ணின் படத்தை வைத்தே சொல்கிறேன். முகூர்த்தத்துக்கு நான்கு நாள் முன்பு எங்கள் ஸ்டூடியோவில் எடுத்த அரை உருவப் படம். ஆல்பத்தின் முதல் பக்கத்தில், 12க்கு 18 அங்குலத்தில் வரவேண்டியது. இடது கன்னத்தில் அன்று காலை எழுந்த ஒரு பரு. அதற்குச் சற்றுக் கீழே, முன்பு வந்து போன பருக்களின் கறுத்த தடங்கள் மூன்று. நெற்றியில் குறுக்கே விழுந்த ஒரு முடி. தாடையில், உதட்டுக்குக் கீழே, ஒரு பழைய தழும்பு. பெண்ணின் அம்மா எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னார். “கன்னம் கண்ணாடி மாதிரி இருக்கணும் தம்பி” என்றார்.

அந்தப் படம் 24 மெகாபிக்சல். நீளவாக்கில் 6000 புள்ளிகள், அகலத்தில் 4000. அதில் முகத்தின் அகலம் ஏறக்குறைய 1400 புள்ளிகள். ஒரு முகம் 14 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், ஒரு புள்ளி தோலில் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு. பரு சுமார் 30 புள்ளி. தோலின் நுண்துளை இரண்டு அல்லது மூன்று புள்ளி. அச்சில் வரும்போது பரு இரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் இருக்கும், யார் கண்ணுக்கும் தப்பாது. நுண்துளையோ கண் பார்க்கக்கூடிய எல்லையின் விளிம்பில் நிற்கும். அதனால்தான் துளைகளை அழித்துவிட்ட படத்தைப் பார்க்கிறவர்கள் துளை காணோம் என்று சொல்வதில்லை. “என்னமோ மாதிரி இருக்கு” என்கிறார்கள். மெழுகு பூசிய மாதிரி என்பார்கள், மாவு அப்பின மாதிரி என்பார்கள். காணாமல் போனது எது என்று பெயர் சொல்ல முடியாது. ஆனால் போனது தெரியும்.

நம் மாநிறத் தோலில் இது இன்னும் கூடுதலாகத் தெரிகிறது. வெளுத்த தோலில் சொரசொரப்பைப் பெரும்பாலும் சிறு சிறு நிழல்கள் காட்டுகின்றன. நம் தோலில் அதைக் காட்டுவது மினுக்கம். கன்ன எலும்பின் மேல், மூக்கின் மேல், நெற்றி நடுவில் வெளிச்சம் விழும்போது ஆயிரம் பொடிப் பொடி ஒளிப்புள்ளிகள் சிதறி நிற்கும். அவற்றுக்கிடையே இருண்ட இடைவெளிகள். அந்தச் சிதறல்தான் தோல் என்று கண்ணுக்குச் சொல்கிறது. ஒரு மங்கல் கருவியால் அதைத் தேய்த்துவிட்டால் ஒளிப்புள்ளிகள் எல்லாம் ஒன்றாகக் கரைந்து ஒரே வழவழப்பான வெள்ளைத் திட்டு ஆகிவிடும். கன்னம் அப்போது பிளாஸ்டிக் குடத்தின் வளைவு போலப் பளபளக்கும்.

ஆகவே, பரு இருந்த இடத்தில் தோலைத்தான் வைக்கவேண்டும். அந்தத் தோலும் அதே முகத்திலிருந்துதான் வரவேண்டும். பட்டுப்புடவை கிழிந்தால் டார்னிங் போடுகிறவர் கடையில் நூல் வாங்கமாட்டார். அதே புடவையின் உள்மடிப்பிலிருந்து நாலு இழை உருவி, அதை வைத்துத்தான் பின்னுவார். நிறமும் முறுக்கும் அப்போதுதான் ஒத்துவரும்.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் கருப்பு வெள்ளைக் காலத்து ஆள். ஜன்னலோரம் ஒரு சாய்வு மேசை. நடுவில் சொரசொரத்த கண்ணாடி பதித்த ஒரு திறப்பு. கீழே வெளிச்சத்தை மேல்நோக்கித் திருப்ப ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி. அந்தத் திறப்பின் மேல் நெகட்டிவை வைத்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் டச்சிங் செய்வார். ஃபிலிமின் மேல் பென்சில் பிடிக்காது, வழுக்கும். அதற்காக டர்பன்டைனில் பிசின் கரைத்த ஒரு திரவத்தைப் பஞ்சில் தொட்டு, தடவிய இடமே தெரியாதபடி மெல்லத் தேய்ப்பார். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் அல்லவா? முகத்தில் கருப்பாக விழும் பரு அங்கே வெளிறிய ஓட்டையாகத் தெரியும். அந்த ஓட்டையைப் பென்சில் கரியால் பக்கத்து மட்டத்துக்கு அடர்த்தியாக்க வேண்டும். கொஞ்சம் கூடிப்போனால் அச்சில் அதே இடம் வெள்ளைப் புள்ளியாகிவிடும்.

அவர் ஒருபோதும் அந்த ஓட்டையைக் கோடு இழுத்து அடைத்ததில்லை. குட்டிக் குட்டிக் கமாக்களாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், ஒவ்வொன்றும் வேறு பக்கம் திரும்பி நிற்கும்படி போடுவார். கமாக்களுக்கிடையே சிறு வெளிகள் மிஞ்சும். அச்சில் அந்த வெளிகளே தோலின் துகள்களாகிவிடும். “ஓட்டைய அடைக்காதடா. பக்கத்துல என்ன இருக்கோ அத இங்க கொண்டா” என்பார். கம்ப்யூட்டரைக் கையால் தொடாத மனிதர். ஆனால் பின்னால் வந்த கருவிகள் செய்வது அதைத்தான்.

இந்தத் தொழிலுக்கு வயது அதிகம். 1855இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் மூனிச் நகரத்து ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டேங்கல் ஒரே முகத்தின் இரண்டு படங்களை மாட்டினார், நெகட்டிவில் திருத்தியது ஒன்று, திருத்தாதது ஒன்று. அந்தக் காலத்துத் தட்டுகள் நீல ஒளியையே பெரும்பாலும் உணரும். சிவப்பு அவற்றின் கண்ணுக்கே தெரியாது. சிவந்த பரு, சிறு தடம் எல்லாம் நேரில் இருப்பதைவிடக் கருப்பாக விழுந்தன. அப்போது டச்சிங் செய்ததில் பாதி, முகத்தின் குறையைத் திருத்தியது என்பதைவிடத் தட்டின் குறையைத் திருத்தியது என்றே நான் நினைக்கிறேன். இன்றைய படத்திலும் அந்தப் பழைய தட்டு ஒளிந்திருக்கிறது. வண்ணப் படத்தை சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சானல்களாகப் பிரித்துப் பாருங்கள். சிவப்பில் முகம் பளிங்கு போலிருக்கும். நீலத்தில் ஒவ்வொரு தடமும் கரிபோல் எழுந்து நிற்கும். வேலையைத் தொடங்குமுன் நான் நீலத்தை ஒருமுறை பார்ப்பேன், எங்கெங்கே தடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள. ஆனால் அங்கேயே உட்கார்ந்து வேலை செய்யமாட்டேன். செய்தால் முகத்தில் ஒன்றுமே மிஞ்சாது.

மணப்பெண்ணின் கன்னத்துக்கு வருகிறேன். பருவை உற்றுப் பார்த்தால் அதில் மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கிடக்கின்றன. சிவப்பு கலந்த நிறம் ஒன்று. அது ஒரு மேடு என்பதால் வெளிச்சம் வரும் பக்கம் ஒரு பளபளப்பும் எதிர்ப்பக்கம் ஒரு பிறைநிழலும் இரண்டாவது. தோல் இழுபட்டு விறைத்திருப்பதால் அதன் மேல் நுண்துளைகள் இல்லாமல் போனது மூன்றாவது. நிறத்தை மட்டும் எடுத்தால் மேடு நிற்கும். நிழலையும் எடுத்தால் ஒரு வழுக்கைத் திட்டு நிற்கும். மூன்றையும் சேர்த்து எடுக்கவேண்டும் என்றால் அந்த இடத்துத் தோல் முழுவதையும் மாற்றியாகவேண்டும்.

பழைய தடங்கள் மூன்றும் அப்படியல்ல. நம் நிறத் தோலில் பரு அடங்கிய பின்பும் அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்திருக்கும். ஆனால் மேடு போய்விட்டது. துளைகள் திரும்பி வந்துவிட்டன. அங்கே கெட்டுப்போனது நிறம் மட்டும்தான். நல்ல தோலை வெட்டியெடுத்து வேறு தோலை ஒட்டவேண்டிய தேவையே இல்லை. ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு, அந்த இடத்தில் மட்டும் மெல்லிய பிரஷ்ஷால் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்தை ஏற்றினால் போதும். நூற்றில் இரண்டு மூன்று பங்கு மட்டும் ஓடும்படி வைத்துக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு தரம் தடவவேண்டியிருக்கும். தடம் மறையும், அதன் மேலிருந்த துளைகள் அப்படியே நிற்கும். தடத்தையும் பருவையும் ஒரே கருவியால் ஒரே அடியாக எடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. முகத்தில் தேவையில்லாத ஒட்டுகள் பெருகுவது அதனால்தான்.

பருவுக்கு நான் எடுப்பது ஹீலிங் பிரஷ். 2002இல் வந்த ஃபோட்டோஷாப் 7இல் அது முதன்முதலாக வந்தது. அதற்குமுன் குளோன் ஸ்டாம்ப் ஒன்றுதான். குளோன் ஸ்டாம்ப் ஓரிடத்துப் புள்ளிகளை அப்படியே நகலெடுத்து இன்னோரிடத்தில் வைக்கும். எடுத்த இடம் கொஞ்சம் வெளுப்பாக இருந்தால் வைத்த இடத்தில் வெள்ளைப் பொட்டு. ஹீலிங் பிரஷ் நகலெடுப்பது ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே உள்ள ஏற்ற இறக்கத்தை மட்டும். நிறமும் வெளிச்சமும் எவ்வளவு என்பதை, ஒட்டும் இடத்தின் சுற்றோரத்திலிருந்து கணக்கிட்டு எடுத்துக்கொள்ளும். மாஸ்டர் பென்சிலால் செய்த இரண்டு வேலைகளும், பக்கத்து மட்டத்துக்கு அடர்த்தியை ஏற்றுவதும் துகளை வைப்பதும், ஒரே தொடுகையில் நடந்துவிடும்.

மூலப் படத்தின் மேல் ஒரு வெற்று லேயர் போட்டு, கருவியின் மேல்பட்டையில் Sample என்பதை Current & Below என்று வைத்துக்கொண்டு, அந்த வெற்று லேயரில்தான் ஒட்டுவேன். மூலத்தின் ஒரு புள்ளிகூட மாறாது. திரையில் படத்தை 100 சதவீதத்தில் வைத்துக்கொள்வேன். 300 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் ஒவ்வொரு நுண்துளையும் குழிபோலத் தெரிந்து, அதையும் எடு என்று கை பரபரக்கும். பிரஷ் பருவைவிடக் கொஞ்சம் பெரிதாக, 36 அல்லது 38 புள்ளி. ஓரம் மென்மையாக இருந்தால் நல்லது என்றுதான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் நினைப்பார்கள். ஹீலிங் பிரஷ்ஷில் மென்மையான ஓரம் கேடு. அந்த ஓரத்தில் புதுத்தோலும் பழைய தோலும் பாதிப்பாதி கலந்து, இரண்டின் துகளும் ஒன்றையொன்று அழித்து, ஒட்டைச் சுற்றி மங்கிய வளையம் விழும். அதனால் ஓரத்தைக் கடினமாகவே வைத்துக்கொள்வேன். இசைவிப்பதைக் கருவியே பார்த்துக்கொள்ளும்.

தோலை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் அனுபவம் பேசும். கன்னத்துத் துளையும் மூக்கோரத்துத் துளையும் ஒன்றல்ல. மூக்கோரத்தில் பெரிதாக, வட்டமாக இருக்கும், காதை நோக்கிப் போகப் போகச் சிறுத்து நீளும். கன்னத்தில் பூனைமுடிக்கு ஒரு சாய்வு உண்டு; தாடையில் அது வேறு பக்கம் சாயும். கேமராவிலிருந்து உள்ள தூரமும் ஒத்துவரவேண்டும். இந்தப் படம் 85 மில்லிமீட்டர் லென்ஸில், துவாரத்தை அகலத் திறந்து எடுத்தது. கண்ணும் கன்னத்தின் முன்பகுதியும் கூர்மை; காதுப் பக்கம் மங்கல். பரு கூர்மை முடிந்து மங்கல் தொடங்கும் எல்லையில் இருந்தது. மூக்குப் பக்கத்திலிருந்து எடுத்தால் மங்கலில் ஒரு கூர்மையான பொட்டு. காதுப் பக்கத்திலிருந்து எடுத்தால் கூர்மையில் ஒரு மங்கல் பொட்டு. பருவுக்கு நேர் மேலே, கேமராவிலிருந்து அதே தூரத்தில் இருந்த தோலைத்தான் எடுத்தேன். ஆல்ட் விசையை அழுத்தி அங்கே ஒரு சொடுக்கு, பருவின் மேல் ஒரு தொடுகை. அவ்வளவுதான்.

முதல் முறை சரியாக வரவில்லை. எடுத்த இடத்தில் ஒரு பெரிய துளையும் அதன் பக்கத்தில் ஒரு மினுக்கமும் சேர்ந்து கமாபோல இருந்தன. ஒட்டிய பிறகு அதே கமா கீழேயும் வந்து நின்றது. இரட்டைப் பிள்ளைகள் போல ஒன்றின் கீழ் ஒன்று. மனிதக் கண் எதை விட்டாலும் திரும்ப வருவதை விடாது. அழித்துவிட்டு, கொஞ்சம் தள்ளி, பெயர் சொல்லத் தோன்றாத ஓர் இடத்திலிருந்து மறுபடி எடுத்தேன்.

சரியாக வந்ததா என்று பார்க்க எனக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு கர்வ்ஸ் லேயர் போட்டு, கோட்டை ஏறியிறங்கும் அலையாக வளைத்துவிடுவது. படம் பேய்போல மாறிவிடும். ஆனால் ஒட்டு மட்டம் தவறியிருந்தால் அங்கே திட்டாகக் காட்டிக்கொடுத்துவிடும். பார்த்த பிறகு அந்த லேயரை எடுத்துவிடுவேன். இரண்டாவது, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து முழு முகத்தையும் திரையில் அடங்கும்படி பார்ப்பது. கண் தானாக அந்த இடத்துக்குப் போனால் ஒட்டு சரியில்லை.

நெற்றி முடி எடுப்பது சுலபம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அந்த முடி வகிட்டின் பக்கமிருந்து கிளம்பி, நெற்றியில் ஒரு வில் போல வளைந்து, வலது புருவத்தில் போய்ச் சேர்ந்தது. தோலின் மேல் அகலம் ஒன்றிரண்டு புள்ளிதான் இருக்கும். நடு நெற்றியில் ஹீலிங் பிரஷ்ஷைப் பத்துப் புள்ளிக்கு வைத்து, ஒரே இழுப்பாக இழுக்காமல், முடியின் போக்கிலேயே சிறு சிறு துண்டாக எடுத்தேன். ஒரே இழுப்பாக இழுத்தால் நெற்றியின் குறுக்கே ஒரு நீண்ட ஒட்டு விழுந்து, முடி போன இடத்தில் சாலை போட்டமாதிரி ஆகிவிடும்.

புருவத்தை நெருங்கியதும் ஹீலிங் பிரஷ் உதவாது. சுற்றோரத்திலிருந்து நிறத்தை எடுத்துக்கொள்ளும் கருவி அல்லவா? ஓரத்தில் புருவத்தின் கருப்பு இருந்தால் அதையும் உள்ளே இழுத்துக்கொண்டு, மை கரைந்தமாதிரி ஒரு சாம்பல் கறையை விட்டுவிடும். உதட்டோரத்துப் பருவிலும், தலைமுடி தொடங்கும் இடத்திலும் நீங்கள் பார்க்கும் அழுக்குப் பூச்சுகள் எல்லாம் இப்படி வந்தவைதான். அங்கே பழைய குளோன் ஸ்டாம்புக்குத் திரும்பவேண்டும். அதற்கென இன்னொரு வெற்று லேயர் போட்டு, அந்த லேயரின் Mode என்பதை Lighten என்று மாற்றிக்கொண்டால், வைக்கிற புள்ளி இருக்கிற புள்ளியைவிட வெளுப்பாக இருந்தால் மட்டும்தான் மாறும். கருத்த முடி போய்விடும்; பக்கத்திலிருக்கும் தோலின் மினுக்கங்கள் தொடப்படாமல் நிற்கும்.

முடியை எடுத்து முடித்துப் பார்த்தால் நெற்றியில் இன்னும் ஒரு கோடு. மெல்லியது, மங்கலானது, முடி இருந்த இடத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே, அதே வில். அந்த முடியின் நிழல். நெற்றியைத் தொடாமல் கொஞ்சம் எழும்பி நின்றிருக்கிறது, விளக்கு மேலேயிருந்து அதன் நிழலைத் தோலில் போட்டிருக்கிறது. ஆளில்லாத நிழல் பார்ப்பவருக்குச் சுருக்கம்போலத் தெரியும். இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு நெற்றிச் சுருக்கம். அதையும் எடுத்தேன். அது வெறும் நிழல், தோல் கெடவில்லை, ஆகையால் தடங்களுக்குச் செய்ததுபோல வெளிச்சம் மட்டும் ஏற்றினேன்.

நெற்றியோரத்தில் சுருண்டு நிற்கும் குட்டி முடிகளைத் தொடவில்லை. பூச்சரத்துக்குக் கீழே காதுப் பக்கம் நின்ற மூன்று நான்கு இழைகளையும் விட்டேன். அவற்றைச் சுத்தமாக எடுத்த படங்களைப் பார்த்திருக்கிறேன். தலைமுடி வெட்டியொட்டிய காகிதம்போல நெற்றியில் முடியும்; விக் வைத்தமாதிரி இருக்கும்.

இவ்வளவும் செய்யத் தோல் படத்தில் இருக்கவேண்டும். இப்போது என்னிடம் வரும் படங்களில் பாதியில் அது இருப்பதில்லை. செல்போன் கேமரா எடுக்கும்போதே முகத்தைத் தேய்த்துவிடுகிறது. பிறகு அது வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வருகிறது. வரும் வழியில் அளவு சுருங்கி, அழுத்தத்தில் சிறு சிறு சதுரங்களாகக் கட்டிதட்டி வந்து சேர்கிறது. அப்படி ஒரு முகத்தில் பருவை எடுத்தால் வைப்பதற்கு நுண்துளை எங்கிருந்து கிடைக்கும்? டாக்குமென்ட்டாக அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கினால் சுருங்காத கோப்பாவது கிடைக்கும். போன் தேய்த்ததை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. இல்லாத தோலுக்குப் பதிலாகச் செயற்கைத் துகளைத் தூவலாம். முழுப் படத்துக்கும் ஒரே சீராகத் தூவினால் ஓரளவு ஏமாற்றலாம். முகத்தில் மட்டும் தூவினால் மணல் ஒட்டியது போலிருக்கும்.

சொரசொரப்பை ஒரு லேயரிலும் நிறத்தையும் நிழலையும் இன்னொரு லேயரிலும் பிரித்து வைத்து வேலை செய்யும் முறை ஒன்று உண்டு. ஃப்ரீக்வென்சி செப்பரேஷன் என்பார்கள். கல்யாண ஆல்பம் செய்யும் இடங்களில் இன்று அது எல்லோர் கையிலும் இருக்கிறது. நல்ல முறைதான். ஆனால் கீழ் லேயரை அகலமான பிரஷ்ஷால் மங்கலாக்கிவிட்டு, மேலே துளைகள் பத்திரமாக இருக்கின்றன என்று நம்பிவிடுகிறார்கள். கன்ன எலும்பின் கீழே விழும் பள்ளம், சிரிக்கும்போது மூக்கோரத்தில் மடியும் கோடு, கண்ணுக்குக் கீழே உள்ள சிறு குழிவு எல்லாம் கீழ் லேயரில்தான் இருக்கின்றன. அவை கரைந்தபின் மேலே துளைகளை வைத்தால் பலூனில் துளைகளை வரைந்ததுபோலிருக்கும். நானும் ஓர் ஆண்டு முழுக்க அப்படிச் செய்தேன். அந்த ஆல்பங்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன என்பது எனக்கு வருத்தம்.

தழும்புக்கு வருகிறேன். தாடையில், உதட்டுக்கு ஒரு விரல் கீழே, ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்தில் சாய்வாக இருந்தது. தழும்பின் தோல் வேறு தோல். அங்கே நுண்துளை கிடையாது, பூனைமுடி முளைக்காது. அதனால்தான் அது வழவழப்பாக இருக்கிறது, ஸ்டூடியோ விளக்கில் வெள்ளிக்கம்பி போல மின்னுகிறது. நேரில் பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. படத்தில் முகத்தைப் பார்க்கப் போனால் முதலில் தாடைக்குத்தான் கண் போகிறது. விளக்கு அதைப் பெரிதாக்கிவிட்டது.

அதற்கு வேறு தோல் ஒட்டலாம்; ஐந்து நிமிடம் ஆகாது. நான் ஒட்டவில்லை. மின்னும் கோட்டின் மேல் மட்டும் வெளிச்சத்தைப் பாதியாக இறக்கும் ஒரு லேயர் போட்டேன். வழவழப்பு இருக்கிறது, சாய்வு இருக்கிறது, மினுக்கம் நேரில் பார்க்கும் அளவுக்கு அடங்கிவிட்டது. அம்மா சொன்னதற்கும் பள்ளிக்கூடத்து மேசைக்கும் நடுவே ஓரிடம் என்று எனக்கு அது பட்டது.

இடையில் ஒன்று சொல்லவேண்டும். ஆல்பம் வடிவமைப்பவர்கள் பக்கத்துக்குப் பொருந்துவதற்காகப் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். அதில் புடவை முந்தானை தோள் மாறிப்போவதைப் பார்த்துச் சிலர் கண்டுபிடிப்பார்கள். கழுத்தளவுப் படம் என்றால் தழும்பும் மச்சமும்தான் சாட்சி. இடக் கன்னத்து மச்சம் வலக் கன்னத்துக்குப் போய்விடும். என் படங்களோடு போகும் தாளில் “திருப்பக் கூடாது” என்று எழுதியே அனுப்புகிறேன். பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் என்றால் டச்சிங் பேச்சுக்கே இடமில்லை. பருவோடுதான் அச்சுப்போட்டுக் கொடுப்பேன், யார் கோபித்துக்கொண்டாலும்.

படத்தைப் பார்க்க அந்தப் பெண் தனியாகத்தான் வந்தார். கல்யாணம் முடிந்து ஒன்பதாம் நாள். திரையில் முதலில் நெற்றியைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார். பருவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை; பரு இருந்ததே அவருக்கு மறந்திருக்கலாம். தாடைக்கு வந்ததும் கொஞ்சம் குனிந்தார்.

“அண்ணா, இத கொஞ்சம் கம்மி பண்ணியிருக்கீங்களா?”

பண்ணியிருக்கிறேன் என்றேன். விளக்கில் அதிகமாக மின்னியது, நேரில் தெரியும் அளவுக்கு இறக்கியிருக்கிறேன், அம்மாவும் சொன்னார்கள் என்றேன்.

“அம்மாதான் சொல்லுவாங்க. ஒண்ணாங்கிளாஸ் படிக்கறப்ப அவங்க சைக்கிள்ல பின்னாடி உக்காந்து போனேன். அப்ப விழுந்தது. அவங்களுக்கு இன்னும் அதப் பாத்தா ஒருமாதிரி இருக்கும். டிசியில எனக்கு இதுதாண்ணா எழுதியிருக்கு.”

லேயர் வரிசையில் தழும்புக்குப் போட்ட லேயரின் பெயருக்கு இடப்பக்கம் ஒரு சிறிய கண் படம் இருக்கும். அதைச் சொடுக்கினேன். தாடையில் வெள்ளிக்கோடு திரும்பி வந்தது. அவர் நிமிர்ந்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, தூரத்திலிருந்து ஒருமுறை பார்த்தார்.

“இப்படியே இருக்கட்டும்ணா.”

அந்த லேயரை அழித்துவிட்டு, கோப்பை லேபுக்கு அனுப்பினேன்.